பெங்களூரு போய் வந்த செலவு ஏன் திரும்பி வந்தது?

*அம்பத்தூரில் ஒரு நிறுவனத்தில் சர்வீஸ் என்ஜினியராக இருக்கிறேன். பிப்ரவரி 10ஆம் தேதி பெங்களூரு பீன்யாவில் உள்ள வாடிக்கையாளரிடம் இயந்திரம் பழுது பார்க்கப் போய், 13ஆம் தேதி திரும்பினேன். அட்வான்ஸ் 10,000 ரூபாய் வாங்கியிருந்தேன். ரயில் 2,040, ஹோட்டல் மூன்று இரவு 10,080, சாப்பாடு 2,860, ஆட்டோவும் டாக்ஸியும் 1,730, அங்கே வாங்கிய சீல் செட் 2,183, ஆக 18,893 ரூபாய்க்கு 20ஆம் தேதி கிளெய்ம் போட்டேன். "ஆதாரம் முழுமையாக இல்லை, பாலிசிப்படி இல்லை" என்று ஒரே வரியில் அக்கவுண்ட்ஸ் திருப்பி அனுப்பிவிட்டார்கள். செலவு செய்ததெல்லாம் நிஜம். 13ஆம் தேதி காலை மட்டும் அத்தை மகள் நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டு ரயில் ஏறினேன். பாலிசியும் பில்களும் இணைத்திருக்கிறேன். மீதி 8,893 ரூபாயை எப்படி வாங்குவது?*

*பெயர் வேண்டாம், அம்பத்தூர்*

உங்கள் கிளெய்மில் ஐந்தாவது வரிதான் மற்ற நான்கையும் பிடித்து வைத்திருக்கிறது. அந்த சீல் செட் பயணச் செலவே கிடையாது. அது உதிரி பாகம். அக்கவுண்ட்ஸில் அது வேறு கணக்குக்குப் போக வேண்டும், ஸ்டோர்ஸில் வரவு வைத்தாக வேண்டும், வாடிக்கையாளரிடம் வசூலிப்பதா என்று சர்வீஸ் மேனேஜர் சொல்லியாக வேண்டும். பல நிறுவனங்களில் ஒரு கிளெய்ம் என்றால் ஒரு வவுச்சர்தான். பாதியைப் பாஸ் செய்து பாதியை நிறுத்தி வைக்க வழியிருக்காது. ஒரு வரியில் சந்தேகம் வந்தால் முழுத்தாளும் திரும்பும். ஆகவே முதல் வேலையாக அந்த 2,183 ரூபாயை வெளியே எடுத்துத் தனி கிளெய்மாகப் போடுங்கள். அதைப் பாஸ் செய்ய வைக்கும் வழியைக் கடைசியில் சொல்கிறேன்.

இருபது ஆண்டுகள் இந்த மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கிளெய்ம் பாஸ் செய்தவன் நான். அங்கே இருப்பவர் உங்களோடு பெங்களூரு வந்தவர் அல்லர். ஒவ்வொரு வரியிலும் அவர் பார்ப்பது மூன்றுதான்: என்ன வாங்கினார், பணம் கொடுத்தாரா, பாலிசியில் எந்தப் பிரிவு இதை அனுமதிக்கிறது. "செலவு செய்ததெல்லாம் நிஜம்" என்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் அது இரண்டாவது கேள்விக்கு மட்டும்தான் பதில்.

சாப்பாட்டு வரியில் இது பளிச்சென்று தெரிகிறது. 10ஆம் தேதி 340, 300 என்று இரண்டு யு.பி.ஐ. ஸ்க்ரீன்ஷாட் வைத்திருக்கிறீர்கள். இரண்டிலும் கடை பெயர் இல்லை, யாரோ ஒரு தனிமனிதர் பெயர்தான் இருக்கிறது. சின்ன உணவகங்களில் உரிமையாளர் பெயரிலேயே கணக்கு இருப்பதால் இப்படி வரும். உங்களுக்கு அது இட்லியும் தோசையும். பார்ப்பவருக்கு அது நண்பருக்கு அனுப்பிய பணமாகவும் இருக்கலாம். ஸ்க்ரீன்ஷாட் பணம் போனதைக் காட்டும், எதற்குப் போனது என்பதை பில்தான் காட்டும். கார்டு தேய்த்தபின் வரும் சீட்டும் இதே ரகம். அந்தச் சீட்டை மட்டும் ஒட்டிவிட்டு, சாப்பிட்ட பில்லைக் குப்பையில் போட்டுவிட்டு வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

உங்கள் பாலிசி இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. பிரிவு 5.2: பில் இருந்தால் நாளொன்றுக்கு 800 வரை, ஆன செலவு. பிரிவு 5.3: பில் இல்லையென்றால் நாளொன்றுக்கு 500, கேள்வி கிடையாது. பழைய ஆட்கள் பேட்டா என்பார்களே, அதுதான். 10ஆம் தேதிக்கு 5.3இன்படி 500 எழுதுங்கள். 140 ரூபாய் போகும். அதற்காகப் பெங்களூருக்குப் போன் போட்டு நகல் பில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

11ஆம் தேதிக்கு 910 எழுதியிருக்கிறீர்கள். இதில் நீங்களே உங்களுக்கு நஷ்டம் செய்துகொண்டீர்கள். 800க்கு மேல் இருப்பதால் 110 வெட்டப்படும். பில்லைப் பார்த்தால் மதியம் 520, இரவு 390. மதிய பில்லில் இரண்டு சாப்பாடு. இன்னொரு சாப்பாடு யாருக்கு என்று ஓரத்தில் பென்சிலால் "ஃபோர்மன்" என்று குறித்திருக்கிறீர்கள். வாடிக்கையாளர் ஆளை அழைத்துப்போய்ச் சாப்பிட வைத்தால் அது உங்கள் சாப்பாட்டுச் செலவில் சேராது, உங்கள் பாலிசியில் பிரிவு 7.1, வாடிக்கையாளர் உபசரிப்பு. மேனேஜர் ஒப்புதல் வேண்டும், யாரோடு, எதற்காக என்று எழுத வேண்டும். அந்த 260ஐப் பிரித்துவிட்டால் உங்கள் சாப்பாடு 650, வரம்புக்குள் வந்துவிடும். வெட்டு இல்லை. ஆனால் இப்படிப் பிரிப்பது உண்மையில் இரண்டு பேர் சாப்பிட்டிருந்தால் மட்டும்தான். தனியாக இரண்டு சாப்பாடு வாங்கியவர்களும் இந்தக் கதையைச் சொல்வதுண்டு, அதனால்தான் பெயர் கேட்கிறார்கள்.

12ஆம் தேதி 780, இரண்டு பில், சரியாக இருக்கிறது. அதில் ஒரு பில் இப்போதே மங்க ஆரம்பித்திருக்கிறது. அந்தத் தாள் வெப்பம் பட்டால் எழுத்து வரும் ரகம், மை கிடையாது. வெயிலிலும் பிளாஸ்டிக் கவரிலும் வைத்தால் சில மாதங்களில் வெள்ளைத் தாளாகிவிடும். ஒருவர் பத்திரமாக இருக்கட்டும் என்று டோல் சீட்டுகளையெல்லாம் லேமினேஷன் செய்து கொண்டுவந்தார். சூட்டில் எல்லாம் கறுப்பாகி, ஒரு எண்ணும் தெரியவில்லை. வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து வையுங்கள், போதும்.

இனி ஹோட்டல். தொகை பெரிது, குழப்பமும் இங்கேதான். நீங்கள் வைத்திருப்பது முன்பதிவு செய்த இணையதளம் அனுப்பிய உறுதிச்சீட்டு. அது பில் ஆகாது. அறை ரத்தானாலும் அந்தச் சீட்டு உங்கள் மெயிலில் இருக்கும். ஹோட்டலிடமிருந்து அவர்களுடைய வரி பில்லைக் கேட்டு வாங்குங்கள். பில் எண், தங்கியவர் பெயர், வந்த தேதி, போன தேதி, ஒரு இரவு வாடகை, வரி தனியாக, இவ்வளவும் அதில் இருக்கும். போன் செய்தால் பெரும்பாலும் மெயிலில் அனுப்பிவிடுவார்கள். பில்லில் தள்ளுபடி கழிந்திருந்தால் கழித்த தொகையைத்தான் கேட்க வேண்டும்.

வரம்பு அடுத்தது. பிரிவு 4.2 உங்கள் நிலைக்கு ஒரு இரவுக்கு 3,000, "வரி நீங்கலாக" என்று சொல்கிறது. இந்த இரண்டு சொல்லைத் தேடிப் பார்க்காமல் யாரும் ஹோட்டல் கிளெய்ம் போடக் கூடாது. உங்கள் அறை 3,200, வரி 5 சதவீதம் 160, ஆக 3,360. (2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையான அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். முன்பு 12.) வரி நீங்கலாக 3,000 என்றால் கிடைப்பது 3,000, அதற்கான வரி 150, ஆக 3,150. மிச்சம் 200 வாடகையும் அதன்மேல் 10 ரூபாய் வரியும் உங்களுடையது. பலர் 200ஐ மட்டும் கழித்துவிட்டு வரியை முழுதாக எழுதுவார்கள். பத்து ரூபாய்தான், ஆனால் அந்தப் பத்து ரூபாய்க்கே கிளெய்ம் திரும்பி வந்து பார்த்திருக்கிறேன்.

பில்லில் கம்பெனி ஜி.எஸ்.டி. எண் இல்லை என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள். ஹோட்டல் அறைக்கு வரி கட்டிடம் இருக்கும் மாநிலத்துக்கே போகும். பெங்களூரு ஹோட்டல் கர்நாடகத்தின் வரியைத்தான் போடும். தமிழ்நாட்டில் மட்டும் பதிவு செய்த நிறுவனம் அந்த வரியைத் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே எண் விடுபட்டதால் உங்கள் நிறுவனத்துக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. நிறுவனத்துக்குக் கர்நாடகத்திலும் பதிவு இருந்தால் கதை வேறு, அந்தப் பதிவு எண்ணைக் கொடுத்திருக்க வேண்டும். விமான டிக்கெட்டுக்கு நேர்மாறு. அங்கே நிறுவனத்தின் எண்ணைக் கொடுத்து வாங்கினால் வரி நிறுவனம் இருக்கும் மாநிலத்துக்கு வந்து சேரும், எண்ணை மறந்தால் நிஜமாகவே நஷ்டம்.

மூன்றாவது இரவுக்கு வருவோம். உங்கள் சர்வீஸ் ரிப்போர்ட்டில் வாடிக்கையாளர் கையெழுத்து 12ஆம் தேதி மாலை 4.40. அன்றிரவே சென்னைக்கு ரயில் உண்டு. அந்த இரவு தங்கியது நிச்சயதார்த்தத்துக்காக. அதைக் கேட்காதீர்கள். ரிப்போர்ட்டும் கிளெய்மும் ஒரே மேனேஜரின் கையில் இருக்கின்றன, நேரம் தெரியாமல் போகாது. 13ஆம் தேதி சாப்பாடு 530ம், அத்தை வீட்டுக்குப் போன டாக்ஸி 310ம் இதோடு போகட்டும்.

அன்றைய ஆட்டோ 140 மட்டும் வேறு. அது ஹோட்டலிலிருந்து ரயில் நிலையத்துக்கு. நீங்கள் எந்த நாளில் திரும்பியிருந்தாலும் அந்தச் செலவு உண்டு. திரும்பும் ரயில் டிக்கெட்டும் அப்படியே. சொந்த வேலைக்காக ஒரு நாள் தள்ளிப்போனதால் கூடுதலாக ஆனது எதுவோ அதை மட்டும் நீங்கள் ஏற்க வேண்டும். எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. ஒரு சொந்த வேலை கலந்துவிட்டது என்ற கூச்சத்தில் நியாயமான பணத்தையும் விட்டுவிடுகிறவர்கள் உண்டு, அதைச் சொல்கிறேன்.

ஆட்டோவுக்கு பில் கிடையாது, யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. பிரிவு 6.4இன்படி நாளொன்றுக்கு 300 வரை உங்கள் உறுதிமொழி போதும். ஆனால் "ஆட்டோ 490" என்று ஒரே வரியாக எழுதியதால் அது நிற்காது. 10ஆம் தேதி 180, 11ஆம் தேதி 170, 13ஆம் தேதி 140 என்று நாள்வாரியாக, எங்கிருந்து எங்கே, எதற்கு என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். டாக்ஸிக்கு ஆப்பிலிருந்து மெயிலில் வந்த பில்லையே வையுங்கள், திரையைப் படம் பிடித்தது வேண்டாம். ரயிலுக்கும் குறுஞ்செய்தி படம் வைத்திருக்கிறீர்கள். ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் பழைய முன்பதிவுகளில் போனால் டிக்கெட் கிடைக்கும். வகுப்பும் கட்டணமும் அதில்தான் இருக்கும். சேர் காரில் போனீர்கள் என்று அவருக்கு வேறெப்படித் தெரியும்?

இவ்வளவும் சரிசெய்தபின் மெயில் இப்படி இருக்கட்டும். ஆங்கிலத்தில் எழுதுவதானாலும் வரிசை இதுவே.

> பொருள்: பெங்களூரு சர்வீஸ் பயணம், பிப்ரவரி 10 முதல் 13 வரை. திருத்திய கிளெய்ம் ரூ. 11,950, அட்வான்ஸ் ரூ. 10,000 போக வர வேண்டியது ரூ. 1,950
>
> வணக்கம். பிப்ரவரி 20இல் அனுப்பிய கிளெய்முக்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்ளுங்கள். சீல் செட் ரூ. 2,183 இதிலிருந்து நீக்கப்பட்டுத் தனியாக வருகிறது.
>
> ரயில், சேர் கார், போக வர: ரூ. 2,040. பில் 1, 2. பாலிசி 3.1.
>
> ஹோட்டல், 10, 11 இரவுகள்: 3,000 வீதம் 6,000, வரி 300, ஆக ரூ. 6,300. பில் 3. பாலிசி 4.2. பில் தொகை ரூ. 10,080. வரம்புக்கு மேற்பட்ட ரூ. 420, 12ஆம் தேதி இரவு சொந்த வேலையாகத் தங்கிய ரூ. 3,360, இரண்டும் என் பொறுப்பு.
>
> சாப்பாடு: 10ஆம் தேதி 500 (பில் இல்லை, பாலிசி 5.3), 11ஆம் தேதி 650 (பில் 4இல் ஒரு சாப்பாடு 260, பில் 5இல் 390), 12ஆம் தேதி 780 (பில் 6, 7). ஆக ரூ. 1,930. பாலிசி 5.2.
>
> வாடிக்கையாளர் உபசரிப்பு: ரூ. 260 (பில் 4இல் இன்னொரு சாப்பாடு). 11ஆம் தேதி மதியம், வாடிக்கையாளர் நிறுவனத்தின் மெயின்டனன்ஸ் ஃபோர்மன் (பெயர்). பாலிசி 7.1, மேனேஜர் ஒப்புதல் இணைப்பு.
>
> உள்ளூர்ப் போக்குவரத்து: டாக்ஸி மூன்று முறை 930 (பில் 8, 9, 10), ஆட்டோ 490 (உறுதிமொழி, இணைப்பு 11). ஆக ரூ. 1,420. பாலிசி 6.3, 6.4.
>
> மொத்தம் ரூ. 11,950. வாடிக்கையாளர் கையெழுத்திட்ட சர்வீஸ் ரிப்போர்ட் இணைப்பு 12.

பில் மூலையில் பேனாவால் 1, 2 என்று எண் போடுங்கள், மெயிலில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்கட்டும். சின்ன பில்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டாமல் ஏ4 தாளில் பரப்பி ஒட்டுங்கள். அடியில் இருக்கும் பில்லின் தேதி மறைந்துபோனால் அதற்கும் ஒரு கேள்வி வரும்.

"என் பொறுப்பு" என்ற வரியை நீங்கள் தயங்கி எடுத்துவிடுவீர்கள் என்று தோன்றுகிறது. எடுக்காதீர்கள். பில் 10,080, கிளெய்ம் 6,300 என்று இரண்டு எண் இருக்கும்போது இடையில் உள்ள 3,780க்கு விளக்கம் இல்லையென்றால் கணக்குத் தவறு என்று நினைத்துத் திரும்பக் கேட்பார்கள். தானே கழித்துக்கொண்டு காரணமும் எழுதியவரின் மற்ற வரிகளை நாங்கள் அவ்வளவாகத் தோண்டுவதில்லை. அதுவும் மனித சுபாவம்தான், எங்கும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

இப்போது அந்த சீல் செட். நீங்கள் வைத்த பில்லில் வாங்கியவர் இடத்தில் "கேஷ்" என்று மட்டும் இருக்கிறது. கடைக்காரர் செய்தது குற்றமில்லை. 50,000 ரூபாய்க்குக் கீழே, பதிவில்லாதவருக்கு விற்கும்போது பெயர் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் அந்த பில்லை வைத்து இது உங்கள் நிறுவனத்துக்காக வாங்கியது என்று யாரும் சொல்ல முடியாது. அதை நிரூபிப்பது உங்கள் சர்வீஸ் ரிப்போர்ட்தான். மாற்றிய பாகம் என்ற இடத்தில் சீல் செட் என்றும் அதன் எண்ணையும் எழுதியிருக்கிறீர்கள், பில்லிலும் அதே எண், அதே தேதி. வாடிக்கையாளரின் கையெழுத்தும் கீழே இருக்கிறது. இதைவிட நல்ல ஆதாரம் பில்லில் பெயர் இருந்தாலும் கிடைக்காது. அந்த இரண்டு வரிகளையும் அடிக்கோடிட்டு அனுப்புங்கள்.

குறை ஒன்றுதான்: பிரிவு 8.1, பயணம் அல்லாத வாங்குதலுக்கு முன் ஒப்புதல். மேனேஜர் போனில் "வாங்கிப் போடுப்பா" என்றார் என்று எழுதியிருக்கிறீர்கள். போனுக்குச் சாட்சி கிடையாது. அவருக்கு ஒரு மெயில் போடுங்கள்: "11ஆம் தேதி போனில் தாங்கள் அனுமதித்தபடி சீல் செட் 2,183 ரூபாய்க்கு வாங்கி இயந்திரத்தில் பொருத்தினேன், உறுதிசெய்யவும்." பழைய தேதியிட்டு அனுமதிக் கடிதம் தயாரிக்க அவரே முன்வந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். பின்னால் வாங்கிய ஒப்புதல் பாலிசி விலக்கு, அதை அனுமதிக்க அக்கவுண்ட்ஸ் தலைவருக்கு அதிகாரம் இருக்கும். பழைய தேதி போட்டது ஆடிட்டில் தெரிந்தால் அதை அனுமதிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. கழற்றிய பழைய சீல் உங்கள் பையில் இருந்தால் ஸ்டோர்ஸில் ஒப்படைத்து ஒரு சீட்டு வாங்கி அதையும் வையுங்கள்.

இரண்டும் சேர்ந்து உங்களுக்கு வர வேண்டியது 1,950ம் 2,183ம், 4,133 ரூபாய். நீங்கள் எதிர்பார்த்த 8,893 வராது. வித்தியாசமான 4,760இல் 4,200, அதாவது ஒரு இரவு, ஒரு நாள் சாப்பாடு, ஒரு டாக்ஸி, நிச்சயதார்த்தத்தின் செலவு. மிச்சம் 560தான் பாலிசி தெரியாததால் போனது.

அனுப்பும்போது பழைய மெயிலுக்கே பதிலாக அனுப்புங்கள். உங்கள் பாலிசியில் திரும்பிய நாளிலிருந்து 15 நாள் கெடு, அது பிப்ரவரி 28உடன் முடிந்துவிட்டது. 20ஆம் தேதி மெயில் கீழே தொடர்ந்து இருந்தால் இது திருத்தம். புதிய மெயிலாகப் போட்டால் காலம் கடந்த கிளெய்ம். சீல் செட் கிளெய்மையும் அதே தொடரில் இன்னொரு பதிலாக அனுப்புங்கள், 20ஆம் தேதியே அதைக் கேட்டிருந்தீர்கள் என்பது அதில் தெரியும்.